போனைக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன், மிச்சமானது முக்கால் மணி நேரம்தான்!

"எனக்கு வயது 34. மடிப்பாக்கத்தில் வீடு, ஓ.எம்.ஆரில் ஐ.டி. சப்போர்ட் வேலை. பையனைத் தூங்க வைத்துவிட்டு பத்தரைக்குப் போனை எடுத்தால் கீழே வைக்க ஒன்றரை ஆகிவிடும். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் 1 மணி 10 நிமிடம், யூடியூப் 50 நிமிடம், புடவை ஆப்கள் 30, வாட்ஸப் 30. தோழி சொன்னாள் என்று இரவு 11 மணிக்குத் திரை கறுப்பு வெள்ளையாக மாறும்படி Bedtime mode வைத்தேன். முதல் ஐந்து நாள் அருமை, பதினொன்றரைக்கே தூங்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து இப்போது பன்னிரண்டே முக்கால் ஆகிறது. சில நாள் நானே கலரை வர வைத்துவிடுகிறேன், சில நாள் அதுவாகவே வந்துவிடுகிறது. நீல ஒளி போன பிறகும் ஏன் தூக்கம் வரவில்லை? கணவர், 'அது கலர் தெரியாதவர்களுக்கான செட்டிங், உன் கண் கெட்டுவிடும்' என்கிறார். எனக்கு மன உறுதியே இல்லையா? இன்னொன்று, என் மாமியாரும் போனில் சீரியல் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு வரை விழித்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் அவர் போனிலும் இதை வைத்துவிடலாமா?"

— பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்

அன்புச் சகோதரிக்கு,

ஒன்றரை மணி பன்னிரண்டே முக்கால் ஆனதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்குவதால் எவ்வளவு கிடைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், போனைக் கறுப்பு வெள்ளையில் வைத்திருந்தபோது போன் பார்க்கும் நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு 38 நிமிடம் போலக் குறைந்தது. அது பகலும் இரவும் சேர்த்து. நீங்கள் இரவில் மட்டும் வைத்து 45 நிமிடம் குறைத்திருக்கிறீர்கள். ஆக மன உறுதி பற்றிய பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம். முதல் ஐந்து நாளை அளவுகோலாக வைத்துக்கொண்டதுதான் தவறு. புதிதாக எதைச் செய்தாலும் நான்கைந்து நாள் அதுவே ஒரு கவனத்தைத் தந்துவிடும், கையே கொஞ்சம் தயங்கும். அது அடங்கிய பிறகு நிற்பதுதான் அந்தச் செட்டிங்கின் உண்மையான பலன்.

ஆனால் 12.45-க்குத் தூங்கி 5.45-க்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்தான். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். அப்படியானால் நீங்கள் 10.45-க்குக் கண் மூட வேண்டும், இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. அந்த இரண்டு மணி நேரத்தைக் கறுப்பு வெள்ளை வாங்கித் தராது. ஏன் தராது என்பது நீங்களே எழுதிய கணக்கில் இருக்கிறது.

கண்ணுக்கான ஆப், காதுக்கான ஆப்

உங்கள் மூன்று மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். ரீல்ஸும் புடவையும் சேர்ந்து 1 மணி 40 நிமிடம். இவை கண்ணால் இழுப்பவை. புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். புளூவும் அரக்கும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பல், ஜரிகை இருக்கிற இடம் தெரியும், தங்கமா வெள்ளியா என்பது தெரியாது. அதற்கு மேல் அந்த ஆப்பில் பார்க்க என்ன இருக்கிறது? ரீல்ஸும் அப்படித்தான், ஒவ்வொரு வீடியோவும் முதல் நொடியிலேயே நிறத்தைக் காட்டித்தான் கட்டை விரலை நிறுத்துகிறது. ஆப் ஐகானின் ஓரத்தில் இருக்கும் சிவப்புப் புள்ளி கூட சாம்பலானதும் 'என்னைத் திற, திற' என்று கத்துவதை நிறுத்திவிடும். உங்களுக்கு மிச்சமான 45 நிமிடம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வந்திருக்கும்.

மீதி 1 மணி 20 நிமிடம் யூடியூபும் வாட்ஸப்பும். யூடியூபில் என்ன பார்ப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் படுத்துக்கொண்டு பார்ப்பவர்களில் பலர் பழைய காமெடி, யாராவது பேசும் பேட்டி, சமையல் கதை என்று பாதி காதால்தான் கேட்கிறார்கள். நாகேஷை நம் அப்பா அம்மா கறுப்பு வெள்ளையில்தான் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்! நிறம் போனால் அதில் என்ன குறைந்துவிடப் போகிறது? வாட்ஸப்போ முழுக்க எழுத்தும் ஆட்களும். அக்கா என்ன பதில் போட்டாள், ஸ்கூல் குரூப்பில் நாளைக்கு என்ன கொண்டு வரச் சொன்னார்கள் என்பதற்குக் கலர் தேவையே இல்லை. இந்த இரண்டுக்கும் வேறு வழிதான் பார்க்க வேண்டும், கீழே சொல்கிறேன்.

நீல ஒளி போகவில்லை

இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து தருகிறது. சாம்பலோ வெள்ளையோ தெரிய வேண்டுமானால் மூன்றும் சம அளவில் எரிய வேண்டும். அதாவது சாம்பல் நிறத்துக்குள் நீலம் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நல்ல சிவப்புப் படம் ஒன்று கலரில் இருந்தபோது அதில் நீல ஒளி இருந்திருக்காது, அதையே சாம்பலாக்கினால் நீலமும் சேர்ந்து எரியும். ஆக ஒளியை மாற்ற வேண்டும் என்றால் திரையை மஞ்சளாக்கும் Night Light வேறு, கறுப்பு வெள்ளை வேறு. இரண்டையும் ஒன்றாக வைக்கலாம், பழைய கல்யாண ஆல்பம் மாதிரி பழுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். வெளிச்சத்தையும் தனியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், கறுப்பு வெள்ளை அதைக் குறைப்பதில்லை. ஆனால் மூன்று மணி நேரம் சுவாரசியமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தால் எந்த நிற விளக்கிலும் தூக்கம் தள்ளித்தான் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. இந்த வசதி போனில் Accessibility பகுதியில் Color correction என்ற இடத்திலும் இருக்கிறது, அங்கே நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கான தேர்வுகளும் பக்கத்திலேயே இருக்கும். அவர்களுக்கானவை நிறங்களை மாற்றித் தருபவை, உங்களுடையது நிறத்தை எடுத்துவிடுவது. கண்ணுக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. தூங்கும் நேரத்துக்கென்றே திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்கும் வசதியை ஆண்ட்ராய்டில் கூகுள் 2018-லேயே அறிவித்துவிட்டது. வீட்டில் சொல்லிக்காட்ட இது போதும் என்று நினைக்கிறேன்.

கலர் 'அதுவாகவே' வருவது ஏன்?

போன் பழுது இல்லை. Bedtime mode-ஐ எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் இரண்டு வழி இருக்கும். ஒன்று நேரப்படி, இன்னொன்று அந்த நேரத்துக்குள் சார்ஜரில் இருக்கும்போது மட்டும். நீங்கள் இரண்டாவதைத் தொட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். சார்ஜரைப் பிடுங்கிப் படுக்கைக்கு எடுத்து வந்ததும் கலர் திரும்பிவிடும். சார்ஜர் எட்டாத இரவில் கலர், எட்டும் இரவில் சாம்பல் என்று இருக்கிறதா என்று கவனியுங்கள், அதுவே அடையாளம். சரி செய்ய இந்த வழியில் போங்கள். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், சாம்சங்கில் Modes and Routines-க்குள் Sleep என்று தேட வேண்டியிருக்கும்.

```
Settings > Digital Wellbeing & parental controls
  > Bedtime mode > Customize > Grayscale
```

சில போன்களில் Customize-க்குள் Screen options at bedtime என்ற ஒரு படி கூடுதலாக இருக்கும். அட்டவணையை நேரப்படி என்று மாற்றுங்கள், முக்கியமாகத் தொடங்கும் நேரத்தை 11-லிருந்து 9.30-க்குக் கொண்டு வாருங்கள். காரணம் இதுதான். நீங்கள் பத்தரைக்குப் போனை எடுக்கிறீர்கள், அரை மணி நேரம் கலரில் ஓடுகிறது, நல்ல சூட்டில் இருக்கும்போது 11 மணிக்குத் திரை வெளுக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை எடுத்தால் யாருக்கும் கோபம்தான் வரும். உடனே மேலே இருந்து இழுத்து, ஒரு தட்டு, கலர் வந்துவிட்டது. 9.30-க்கே மாறியிருந்தால் கையில் எடுக்கும்போதே அது மங்கலான போன், பறித்துக்கொண்டதாகத் தோன்றாது. அப்புறம், மேலிருந்து இழுத்தால் வரும் அந்தப் பலகையிலிருந்து Bedtime mode கட்டத்தை எடுத்துவிடுங்கள். கலர் வேண்டுமென்றால் செட்டிங்கிற்குள் நான்கு படி போகட்டும். அந்த நான்கு படிக்குள் பாதி நாள் 'சரி, போகட்டும்' என்று விட்டுவிடுவீர்கள்.

(ஐபோன் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு: Settings-ல் Accessibility, அதற்குள் Display & Text Size, அதற்குள் Color Filters. நேரத்துக்கு மாற, Shortcuts ஆப்பில் Automation போய் Time of Day-யைத் தேர்ந்து Set Color Filters என்ற செயலைச் சேர்க்க வேண்டும். இரவு ஆன் செய்ய ஒன்று, காலையில் ஆஃப் செய்ய ஒன்று, மொத்தம் இரண்டு. இரண்டாவதை மறந்துவிட்டு, பகலெல்லாம் சாம்பலில் பார்த்துக்கொண்டு போன் கெட்டுவிட்டதாகக் கடைக்குக் கொண்டு போக வேண்டாம்.)

உங்கள் வேலைக்கு இதில் ஓர் ஆபத்து

சப்போர்ட் வேலை என்று எழுதியிருப்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். Bedtime mode கறுப்பு வெள்ளையை மட்டும் கொண்டு வருவதில்லை, Do Not Disturb-ஐயும் சேர்த்து ஆன் செய்யும். இரவில் அழைப்பு வரக்கூடிய வாரமாக இருந்தால் போன் அமைதியாகக் கிடக்கும், காலையில்தான் தெரியும். ஒன்று, அந்த இணைப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். அல்லது யார் அழைத்தால் மணி அடிக்கலாம் என்ற பட்டியலில் அலுவலக எண், அம்மா, பையனின் டாக்டர் என்று சேர்த்துவிட்டு, வேறொரு போனிலிருந்து அடித்துச் சோதித்துப் பாருங்கள். சோதிக்காமல் நம்பாதீர்கள்.

நிறத்தில் அர்த்தம் இருக்கும் இடங்களிலும் கவனம் வேண்டும். சர்வர் நிலையைப் பச்சை, சிவப்பு விளக்காகக் காட்டும் பக்கம், கூகுள் மேப்பில் நெரிசல் கோடு. அதைவிட, மடிப்பாக்கத்தில் இருக்கிறீர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. வானிலை மையத்தின் எச்சரிக்கை வரைபடம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களை வைத்துத்தான் பேசுகிறது. சாம்பலில் பார்த்தால் சென்னை ஆரஞ்சில் இருக்கிறதா பச்சையில் இருக்கிறதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த மாதிரி இரவில் கலரைத் தாராளமாக வர வையுங்கள், வரைபடத்தைப் பாருங்கள், திரும்ப அணையுங்கள். அதைத் தோல்விக் கணக்கில் எழுத வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம், கறுப்பு வெள்ளைத் திரையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் கலரில்தான் சேமிக்கப்படும். படத்தை வேறு யாருக்காவது அனுப்பினால் அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

மீதி இரண்டு மணி நேரம்

முதலில் அளக்கும் முறையைச் சரி செய்யுங்கள். Digital Wellbeing காட்டும் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிய நாளாக மாறிவிடும். நீங்கள் பத்தரையிலிருந்து 12.45 வரை பார்த்தால் ஒன்றரை மணி நேரம் நேற்றைய கணக்கிலும் முக்கால் மணி நேரம் இன்றைய கணக்கிலும் விழுகிறது. தினக் கணக்கைப் பார்த்து இரவு குறைந்ததா கூடியதா என்று சொல்லவே முடியாது. அதனால் அதை விட்டுவிட்டு, போனைக் கீழே வைக்கும் நேரத்தை மட்டும் காலையில் காலண்டரில் குறியுங்கள், இரண்டு வாரம். ஆப்புகளுக்கு நேர வரம்பு வைக்கும் App timer-லும் இதே ஓட்டை இருக்கிறது. அரை மணி வரம்பு 11.40-க்குத் தீர்ந்தால், 12 மணிக்குப் புதிதாக இன்னொரு அரை மணி கிடைத்துவிடும். நீங்கள் இருபது நிமிடம் விட்டத்தைப் பார்த்துக் காத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் காத்திருந்தவர்கள் உண்டு.

யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் Autoplay-யை அணையுங்கள். காதால் கேட்கும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும்வரை தூக்கம் அதன் பின்னாலேயே காத்திருக்கும், வீடியோ நின்று அறை அமைதியானால்தான் 'நேரமாகிவிட்டது' என்று உறைக்கும். வாட்ஸப் குரூப்களை மொத்தமாக ஒன்பது மணிக்கு, ஹாலில் உட்கார்ந்து, ஸ்கூல் பை கட்டும்போது பார்த்துவிடுங்கள். நாளைக்கு வெள்ளை பேப்பர் கொண்டு வரச் சொன்னது தெரிய வேண்டிய நேரமும் அதுதானே, நள்ளிரவில் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் இருக்கிறது. காலை ஐந்தே முக்காலிலிருந்து இரவு பத்தரை வரை உங்கள் நாளில் உங்களுக்கென்று ஒரு நிமிடம் இருப்பதாக எழுதவில்லை. அலுவலகம், பிரயாணம், சமையல், பையன். பத்தரைக்குத்தான் யாரும் கூப்பிடாத நேரம் தொடங்குகிறது. அதைத் தூங்கிக் கழிக்க மனம் வராது, நியாயம்தான். போன் அங்கே கிடைத்த முதல் பொருள், அவ்வளவே. கலரை எடுத்தாலும் அந்தப் பசி அப்படியேதான் இருக்கும். அதனால் உங்கள் நேரத்தை முன்னால் இழுக்க முடியுமா என்று பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் பையனைத் தூங்க வைக்கும் வேலை அவன் அப்பாவுக்கு. கண்ணைப் பற்றி இவ்வளவு அக்கறை உள்ளவர் இதையும் செய்வார். அந்த ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை உங்களுடையது, டிவியில் கலரிலேயே எதை வேண்டுமானாலும் பாருங்கள், மொட்டை மாடியில் நில்லுங்கள், சும்மா இருங்கள். அந்த மூன்று நாளும் காலண்டரில் என்ன நேரம் விழுகிறது என்று மற்ற நாட்களோடு ஒப்பிட்டால், பிரச்சினை போனிலா நாளிலா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

போனை வேறு அறையில் வைத்த பிறகும் வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் தூக்கம் வராமல் புரள்கிறீர்கள், அது மூன்று மாதமாக இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள், அது தூக்கமின்மை, அதற்கு வேறு சிகிச்சை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாமியார் போன்

வைக்காதீர்கள். அவர் போன் அவருடையது என்பது ஒரு காரணம், அதைவிட நடைமுறைக் காரணம் இன்னொன்று. அந்த வயதில் ஒரு நாள் இரவு திடீரென்று எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் அவர் போனைச் சந்தேகிக்க மாட்டார், கண்ணைச் சந்தேகிப்பார். புரை முற்றிவிட்டதோ, சர்க்கரை கண்ணைத் தாக்கிவிட்டதோ என்று விடிய விடிய பயந்துகொண்டிருப்பார், யாரிடமும் சொல்லக்கூட மாட்டார். பிறகு கண் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, செய்தது நீங்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

வேண்டுமானால் உங்கள் போனைக் காட்டி, "அத்தை, நான் இப்படி வைத்திருக்கிறேன், உங்களுக்கும் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சீரியல் ஓடுவது வசனத்தில், கலரில் இல்லை.